வினை முடிந்த பிறகு வெட்டுங்கள், தம்பி

தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய ரஃப் கட்டைப் பார்த்தேன். வெளிச்சம் அழகு, பித்தளை ஃபில்டர் கோயில் குத்துவிளக்குக்குப் போட்டியாக மின்னுகிறது. ஆனால் டிகாஷன் இறங்குவதற்கு முன்பே வீடியோ இறங்கிவிடுகிறது. என்ன மாற்ற வேண்டும் என்று போனில் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். வேகம், வெட்டு, திரையில் வரும் எழுத்து, மூன்றையும் எழுதுகிறேன். நடுநடுவே பழங்கதை வரும். காபிப்பொடிக் கடைக்காரனிடம் குறிப்பு கேட்டால் கொஞ்சம் சிக்கரி கலந்துதான் கிடைக்கும்.

விளம்பரம் என்றால் எங்கள் காலத்தில் தியேட்டர் ஸ்லைடுதான். உங்கள் அப்பாவைக் கேட்டால் அவருக்கும் ஒரு ஸ்லைடாவது ஞாபகம் இருக்கும். இடைவேளை முடிந்து விளக்கை அணைத்த பிறகும் முறுக்குத் தட்டோடு பையன்கள் வரிசைக்குள் நெளிந்துகொண்டிருக்க, வெளியே போனவர்கள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருட்டில் தங்கள் சீட்டைத் தேட, திரையில் பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, பல் டாக்டர், லாட்ஜ் என்று ஊர் மொத்தமும் வந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகும். உள்ளங்கை அகலக் கண்ணாடியில் பெயின்டர் எழுதியது அத்தனை பெரிய திரையை நிரப்புவதைப் பார்த்துத்தான், மீசை அரும்பிக்கொண்டிருந்த நான், நம் கடைக்கும் ஒன்று போட்டே ஆக வேண்டும் என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

போட்டோம். மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே முருகன் துணை, பிறகு கடைப் பெயர், பிளாண்டேஷன் ஏ, பீபெரி, ரோபஸ்டா என்று ரகங்கள், விரும்பும் விகிதத்தில் சிக்கரி, கண் எதிரே வறுத்து அரைத்துத் தரப்படும், தெருப் பெயர், அடையாளத்துக்கு மணிக்கூண்டு, போன் நம்பர், கடைசியில் வேறு கிளைகள் இல்லை. வேறு கிளை இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் பெரிய கடைக்காரர்கள் எல்லாம் போட்டிருந்தார்கள். பெயின்டர் பொறுமைசாலி. 1978-இல் அரசாங்கம் எழுத்தைச் சீர்திருத்திய பிறகும் அவர் லை, னை எல்லாவற்றுக்கும் பழைய யானைத் துதிக்கைதான் போடுவார். காரணம் கேட்டால் மொழிப்பற்று என்று சொல்ல மாட்டார், "இடம் மிச்சம் தம்பி" என்பார்.

ஸ்லைடு வந்த முதல் நாள் நண்பர்களுக்கெல்லாம் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, விசில் அடிக்க ஏற்பாடு செய்து, நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருந்தேன். முருகன் துணை வரைக்கும் படித்திருப்பார்கள். அதற்குள் ஆபரேட்டர் அடுத்த கண்ணாடியைத் தள்ளிவிட்டார். விசில் பல் டாக்டருக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாளிலிருந்து கால் கிலோ பீபெரியைக் காகிதத்தில் மடித்து மாடியில் ஆபரேட்டர் அறைக்குக் கொடுத்தனுப்பினேன், ஸ்லைடு நின்றது, கடைசி வரி வரைக்கும் நின்றது. தம்பி, எடிட்டிங்குக்கு நான் செய்த முதல் செலவு அந்தக் கால் கிலோதான். இப்போது உங்களுக்குத் தருவதும் கிட்டத்தட்ட அதே காரணத்துக்குத்தான்.

பிறகு கேபிள் வந்தது. கல்யாண வீடியோ எடுப்பவரே விளம்பரமும் எடுத்தார். மிக்ஸர் என்ற ஒரு மிஷின், அதில் நட்சத்திரமாக விரியும், இதயமாகச் சுருங்கும், புத்தகத் தாளாகப் புரளும் வித்தைகள். மணப்பெண்ணின் முகத்தை வாழை இலைப் பந்திக்குள் கரைத்த அதே இதயம் எங்கள் வறுக்கும் டிரம்மையும் சிக்கரி மூட்டையையும் ஒன்றாக இணைத்து வைத்தது. எனக்கு அப்போது அது உலகத்தரம். வறுத்த கொட்டையிலிருந்து அரைத்த பொடிக்குப் போக ஒரு நட்சத்திரம், பொடியிலிருந்து பாக்கெட்டுக்கு ஒரு இதயம், பாக்கெட்டிலிருந்து எனக்கு, அதாவது வெள்ளைச் சட்டையில் கைகூப்பி நிற்கும் எனக்கு, ஒரு தாள் புரளல் என்று நானே கேட்டு வாங்கினேன்.

அந்த நாள் எடிட்டிங்கில் ஒரு நன்மை உண்டு. ஒரு டேப்பிலிருந்து இன்னொரு டேப்புக்குப் பதிந்துகொண்டே போவது; நடுவில் ஒரு ஷாட்டை இரண்டு விநாடி நீட்ட வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் மறுபடி பதிய வேண்டும், அல்லது முடிந்த டேப்பையே நகலெடுத்துச் செருக வேண்டும், ஒவ்வொரு நகலுக்கும் படம் கொஞ்சம் மங்கும். அதனால் சொல்வதை முதலிலேயே யோசித்துச் சொல்வோம், முடிந்தபின் வாயை மூடிக்கொள்வோம். இன்று எதையும் எப்போதும் மாற்றலாம். ஆகவே எதுவும் முடிவதில்லை. நீங்கள் அனுப்பிய ஃபைலின் பெயரிலேயே "ஃபைனல்" என்று இரண்டு முறை இருந்தது. என் பங்குக்கு, திருத்தங்களை விநாடிக் கணக்கோடு ஒரே தாளில் சேர்த்து எழுதுகிறேன், இரண்டு சுற்றுக்கு மேல் போக மாட்டேன். மூன்றாவது சுற்றுக்கு வந்தால் காசு கேளுங்கள்.

இனி வேகம். ரீல்ஸ் 2020-இல் வந்தபோது 15 விநாடிதான். பிறகு 30, 60, 90 என்று வளர்ந்து 2025 ஜனவரியில் 3 நிமிடம் ஆனது. அன்று விநாடிக்குக் காசு வாங்கினார்கள், இன்று விநாடியை அள்ளிக் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்ளத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. அது தெரிந்துதான் நீங்கள் ஒன்றரை விநாடிக்கு ஒரு வெட்டு வைத்திருக்கிறீர்கள். எனக்கு மெதுவான வீடியோ வேண்டும் என்று கேட்கவில்லை. ஃபில்டரில் டிகாஷன் இறக்குவதில் மூன்று இடங்களுக்கு மட்டும் அவற்றுக்கான நேரத்தைக் கொடுங்கள். மற்ற இடங்களில் தாராளமாகக் கத்தரியுங்கள்.

முதல் இடம், குடை வைப்பது. மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு, குடையை அதன்மேல் வைத்து, லேசாகத் திருகிச் சமன்படுத்தும் அந்தக் கை. வீட்டில் டிகாஷன் இறங்கவில்லை என்று கடைக்கு வந்து பொடியைக் குறை சொல்பவர்களில் பலர் இங்கேதான் பலமாக அழுத்தியிருப்பார்கள். அழுத்தினால் பொடி இறுகித் தண்ணீருக்கு வழிவிடாது. நீங்கள் கை இறங்கும்போது ஒரு துண்டு, கை எழும்போது ஒரு துண்டு என்று காட்டி நடுவை வெட்டியிருக்கிறீர்கள். தெரிய வேண்டியது அந்த நடுதான். வெட்டே இல்லாமல் ஐந்து விநாடி விடுங்கள்.

இரண்டாவது, சொட்டு. இதை நீங்கள் எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டியிருக்கிறீர்கள். மற்ற வீடியோவுக்கு அது சரியாக இருக்கலாம், காபிக் கடைக்கு அது அவதூறு. பொடியைக் கரகரப்பாக அரைத்துவிட்டால் தண்ணீர் எங்கும் நிற்காமல் ஓடிவிடும், டிகாஷன் வெளிறிப் போகும். நைஸாக அரைத்தால் அடைத்துக்கொள்ளும். கறுப்பாக, கொழகொழவென்று, ஒன்று விழுந்து சற்று யோசித்து அடுத்தது விழுவதுதான் நல்ல அரைவைக்கு அடையாளம். வேகமாக ஓட்டினால் அது குழாய்த் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. விவரம் தெரிந்த பாட்டி யாராவது பார்த்தால் இந்தக் கடைப் பொடி கரகரப்பு என்றுதான் முடிவு கட்டுவாள். சொட்டு அதன் சொந்த வேகத்திலேயே விழட்டும். டிகாஷன் இறங்கும் பதினைந்து நிமிடத்தைக் கடக்க வேண்டுமானால் மூடிய ஃபில்டரிலிருந்து நேராக ஒரு வெட்டு. அதே இடம், அதே ஃபிரேம், ஜன்னல் வெளிச்சம் மட்டும் நகர்ந்திருக்கும். இதற்காகவே அன்று காமிராவை அசைக்க வேண்டாம் என்று உங்களைப் படுத்தினேன்.

மூன்றாவது, ஆற்றுவது. டம்ளரிலிருந்து டபராவுக்கு இறங்கும் கோட்டை நடுவில் வெட்டினால் காபி அந்தரத்தில் தொங்குகிறது. கடைசித் துளி விழுந்து நுரை எழும்பிய பிறகு வெட்டுங்கள். ஸ்லோ மோஷன் வேண்டாம். அதில் சத்தம் போய்விடும். பாட்டு போட்டு ஈடுகட்டலாம் என்பீர்கள். ஆற்றும் சத்தம் கேட்டால் வரும் நாவூறல் எந்தப் பாட்டுக்கும் வராது.

சத்தம் என்றதும் அரைக்கும் மிஷின் ஞாபகம் வருகிறது. மாயவரத்தில் எங்கள் தெரு முனையில் திரும்பும்போதே முதலில் மிஷின் உறுமுவது கேட்கும், அடுத்து வாசனை வந்து மூக்கைப் பிடிக்கும், கடை கண்ணில் படுவது கடைசியில்தான். அரைத்துக் கொடுக்கும் வரை பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள், சூடு ஆறாத பொடியைக் காகிதப் பையில் வாங்கி, பஸ்ஸில் போனாலும் மடியில் அணைத்துக்கொண்டு போவார்கள். பக்கத்து சீட்டுக்காரர் இலவசமாக மூச்சை இழுத்துக்கொள்வார். இன்று அலுமினிய உறைக்குள் வாசனையை அடைத்து ஒரு வால்வும் வைத்துவிட்டோம், பொடி நாள்பட நன்றாக இருக்கிறது, பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சத்தத்தை முன்னால் விட்டு, படத்தைப் பின்னால் கொண்டுவருவதற்கு ஜே-கட் என்று பெயர் என்று நீங்கள் சொன்னபோது சிரிப்பு வந்தது. எங்கள் தெருவே அப்படித்தான் எடிட் செய்யப்பட்டிருந்தது. இந்த வீடியோவும் அப்படியே தொடங்கட்டும். கறுப்புத் திரையில் ஒரு சொட்டு விழும் சத்தம், அதன் பிறகு சொட்டு.

அடுத்து வெட்டு. என் பேச்சில் உள்ள மூச்சு, தயக்கம், "அதாவது" எல்லாவற்றையும் தாராளமாக எடுத்துவிடுங்கள். ஆனால் நீங்கள் மௌனத்தைத் தானாகக் கத்தரிக்கும் வசதியைப் போட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அது வாக்கியத்தின் வாலையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. நம் பேச்சில் விஷயமே வாலில்தான் இருக்கிறது. செய், செய்யாதே என்பது வாக்கியம் முடிகிற இடத்தில்தான் தெரியும், அந்த இடத்தில்தான் குரலும் தணியும். 0:14-இல் நான் சொன்னது "தளதளன்னு கொதிக்கிற தண்ணிய அப்படியே ஊத்தக் கூடாது". வீடியோவில் கேட்பது "தளதளன்னு கொதிக்கிற தண்ணிய அப்படியே ஊத்த", உடனே ஊற்றும் படம். கடைக்காரரே சொல்லிவிட்டார் என்று ஊரெல்லாம் ஊற்றப் போகிறார்கள். இன்னோர் இடத்தில் "அழுத்தத் தேவையில்ல" என்பதில் கடைசி "ல்ல" காணாமல் போய், அழுத்தத் தேவை என்பது போலக் காதில் விழுகிறது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அலைவடிவம் தட்டையாகத் தெரிந்தாலும் கால் விநாடி விட்டு வெட்டுங்கள். வெட்டிய பிறகு படத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் ஒரு முறை கேளுங்கள். அர்த்தம் தலைகீழாகியிருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

எழுத்துக்கும் இதே கதை. ஒவ்வொரு சொல்லாகக் குதித்து வந்து மறையும் எழுத்து இப்போது நாகரிகம். ஆங்கிலத்தில் "டோன்ட்" முன்னாலேயே வந்துவிடும், பிறகு எது குதித்தாலும் பாதகமில்லை. நமக்கோ "கொதிக்கும்", "தண்ணீரை", "ஊற்ற" என்று மூன்றும் குதித்த பிறகுதான் "வேண்டாம்" குதிக்கும். அதற்குள் விரல் அடுத்த ரீலுக்குப் போயிருக்கும். முழு வாக்கியமாக ஒரே சமயத்தில் வரட்டும், ஒரே சமயத்தில் போகட்டும். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு என் அளவுகோல் சுலபம்: கண்ணாடி போட்ட ஒருவர் அதை வாய்விட்டுப் படித்து முடிக்க வேண்டும், அதற்கு மேல் பாதி நேரம் கூட. நம்பர் இருந்தால் இன்னும் கொஞ்சம்.

வரியை எங்கே உடைப்பது என்பதையும் பெட்டியின் அகலத்திடம் விட்டுவிடாதீர்கள். நம் சொற்கள் நீளம். "சூடுபடுத்தக்கூடாது" என்பதை உங்கள் மென்பொருள் "சூடுபடுத்தக்கூ" என்று மேலேயும் "டாது" என்று கீழேயும் போட்டிருக்கிறது. சொல்லை உடைக்க வேண்டாம், எழுத்தைச் சின்னதாக்கவும் வேண்டாம், வாக்கியத்தைச் சுருக்குங்கள். "கொதி அடங்கியதும் / ஊற்றுங்கள்" போதும். கொம்பையும் பாருங்கள். 0:21-இல் "கொ" என்பதில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய், ஒரு புள்ளி வட்டத்தைத் தலையில் சுமந்து நிற்கிறது. எடிட்டிங் மென்பொருளின் அமைப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான வசதியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். வேலையை முடிப்பதற்கு முன் கொ, கோ, கௌ, ஸ்ரீ நான்கையும் தட்டிப் பாருங்கள். அவை நேராக நின்றால் மற்றவையும் நிற்கும். எங்கள் பெயின்டர் துதிக்கையைச் சுருட்டினாரே தவிர கொம்பை ஒருநாளும் இடம் மாற்றியதில்லை.

எழுத்தை எங்கே வைப்பது என்பதில் உங்களுக்கே அனுபவம் உண்டு, ஆனாலும் சொல்கிறேன். 1080×1920 சட்டத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கைக் கணக்கின் பெயரும் அதன் கீழுள்ள விவரமும் பிடித்துக்கொள்ளும், வலது ஓரத்தை இதயம், பகிர்வு எல்லாம் பிடித்துக்கொள்ளும். நீங்கள் விகிதத்தைப் போட்டிருப்பது சரியாக இதயத்துக்கு அடியில். நடுவுக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள், ஃபில்டரை மறைக்காமல். வெள்ளை எழுத்து, பின்னால் காபி நிறத்தில் ஒரு பட்டை. நிழலும் மினுமினுப்பும் வேண்டாம்.

அந்த விகிதம் முக்கியம். காபி 80, சிக்கரி 20 என்று பாக்கெட்டில் எப்படி அச்சடித்திருக்கிறோமோ அப்படியே திரையிலும் வர வேண்டும். சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கலந்த அளவை உறைமேல் சொல்லவும் வேண்டும் என்பது சட்டம். நீங்கள் அழகுக்காக "சுத்தமான காபி" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். இருபது பங்கு சிக்கரி உள்ளே உட்கார்ந்து சிரிக்கும். அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

ஆக நாற்பது விநாடி இப்படிப் பிரியட்டும். முதல் மூன்று விநாடி சொட்டும் சத்தமும், எழுத்தே இல்லை. அடுத்த ஐந்தில் மூன்று ஸ்பூன் பொடி. மூன்றையும் காட்டுங்கள், அளவே அதுதான், ஆனால் ஒவ்வொன்றிலும் ஸ்பூன் கவிழ்வது மட்டும் போதும். குடைக்கு ஐந்து. தண்ணீர் வட்டமாக இறங்க ஆறு, "கொதி அடங்கியதும் ஊற்றுங்கள்" அங்கே. மூடிக்கு இரண்டு. நேர் வெட்டு, "15 நிமிடம் கழித்து" என்ற எழுத்தோடு சொட்டுக்கு ஆறு. பால், சர்க்கரை, ஆற்றல் எல்லாம் சேர்ந்து ஒன்பது. மிச்சம் நான்கில் கடைப் பெயரும் விகிதமும். முருகன் துணையை இந்த முறை நானே விட்டுக்கொடுக்கிறேன்; அவர் கடைக்குள் இருக்கிறார்.

முடிந்ததும் எழுத்து இல்லாத பிரதி ஒன்றும் தாருங்கள், விலையோ விகிதமோ மாறினால் எழுத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்ப வேண்டாம், டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் அது நசுக்கி அனுப்பும், கறுப்பு டிகாஷன் கட்டம் கட்டமாகத் தெரியும்.

எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. வீடியோ பார்த்துவிட்டுக் கடைக்கு வருகிறவர் யாராவது, "எத்தனை நிமிஷம் வைக்கணும் அண்ணே?" என்று கேட்டால், "15 நிமிடம்" என்ற எழுத்து சீக்கிரம் போய்விட்டது என்று அர்த்தம். போன் செய்கிறேன், இன்னும் ஒரு விநாடி நிறுத்திவிடுங்கள். பில்லோடு உங்கள் வீட்டுக்குக் கால் கிலோ பீபெரியும் வரும். ஆபரேட்டருக்குக் கொடுத்த அதே ரகம், விலைதான் அன்றைய விலை இல்லை.